பின்னேற்பு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அரசு அலுவலகங்களில் புழங்குபவர்களுக்குப் பின்னேற்பு என்ற சொல் புதிதல்ல. செயல் அலுவலர் அவசரமாக ஒரு வேலையைச் செய்துவிடுவார். அடுத்த மன்றக் கூட்டத்தில் ‘மன்றத்தின் பின்னேற்புக்கு’ என்று அது பொருளாக வரும். தீர்மானம் நிறைவேறியதும் கோப்பு மூடப்படும். இதைப் பார்த்துப் பழகியவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: யார் கையெழுத்துப் போட்டாலும் பரவாயில்லை, மேலே இருப்பவர்கள் பிறகு ஒப்புக்கொண்டால் போதும். இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு. அதிகாரம் இல்லாதவர் போட்ட உத்தரவு குப்பை, அதை யாராலும் உயிர்ப்பிக்க முடியாது என்பார்கள்.

இரண்டும் தவறு. சில உத்தரவுகளைப் பின்னேற்பு முழுமையாகக் காப்பாற்றும், சிலவற்றைத் தொடக்கூட முடியாது. இவற்றைப் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் அதிகம் அலசப்பட்டிருப்பதும், தவறாகப் புரிந்துகொண்டால் ஒருவரது பிழைப்பே போய்விடுவதும் அங்கேதான்.

## வாடகை வீட்டிலிருந்து தொடங்குவோம்

அண்ணன் துபாயில் இருக்கிறார். ஊரில் அவர் பெயரில் ஒரு வீடு. தம்பி அவரைக் கேட்காமலேயே, அண்ணன் சார்பில் என்று சொல்லி அதை வாடகைக்கு விட்டுவிடுகிறார். ஒரு மாதம் கழித்து விஷயம் தெரிந்ததும் அண்ணன், ‘சரி, நல்ல ஆளாகத்தான் பார்த்திருக்கிறாய், இருக்கட்டும்’ என்கிறார். அந்த வார்த்தையோடு வாடகை ஒப்பந்தம் அண்ணனே செய்ததாக ஆகிவிடுகிறது. அதுவும் அவர் ‘சரி’ சொன்ன நாளிலிருந்து அல்ல, தம்பி சாவி கொடுத்த நாளிலிருந்தே.

பின்னேற்பு என்பது இதுதான். அதிகாரம் இல்லாத ஒருவர் வேறொருவர் சார்பில் செய்துவிட்ட செயலை, அதிகாரம் உள்ளவர் பிறகு தன்னுடையதாக ஏற்றுக்கொள்வது. ஏற்பு, செயல் நடந்த நாளுக்கே போய் ஒட்டிக்கொள்வதை ‘பின்னோக்கிய விளைவு’ என்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ல் 196 முதல் 200 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. 198-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: ஏற்பவருக்கு முக்கியமான விவரங்கள் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். வாடகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்பதைத் தம்பி மறைத்திருந்தால் அண்ணனின் ‘சரி’ செல்லாது.

இப்போது கதையைக் கொஞ்சம் திருப்புவோம். வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். தம்பி தன்னிச்சையாக நோட்டீஸ் கொடுக்கிறார். மூன்று மாதம் முடியும் தறுவாயில் அண்ணன், ‘அது நான் கொடுத்த நோட்டீஸ்தான்’ என்கிறார். இது செல்லுமா? செல்லாது. 200-ஆம் பிரிவின் கீழ்ச் சட்டமே கொடுத்திருக்கும் உதாரணம் கிட்டத்தட்ட இதுதான். நோட்டீஸ் வந்த நாளில் குடியிருப்பவர், ‘இது உரிமையாளரின் நோட்டீஸ், நான் வேறு வீடு தேட வேண்டும்’ என்று நம்பிச் செயல்படும் நிலையில் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அது வெறும் காகிதம். மூன்று மாதம் கழித்து அதற்கு உயிர் கொடுத்தால், மூன்றாம் நபருடைய உரிமையை அவருக்குத் தெரியாமலேயே பறித்ததாகிவிடும்.

ஆக, ஒரே அண்ணன், ஒரே தம்பி, ஒரே மாதிரியான ‘சரி’. ஆனால் வாடகைக்கு விட்டதை அந்த ‘சரி’ காப்பாற்றுகிறது, காலி செய்யச் சொன்னதைக் காப்பாற்றவில்லை. அரசு அலுவலகத்துக்குள் நுழையும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சில்சார்: ஆறு நாள் கழித்து வந்த ஏற்பு

அசாமின் சில்சாரில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக இருப்பது, அப்போது மண்டலப் பொறியியல் கல்லூரி. 1996 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அங்கு ஓர் ஊழியரைப் பணிநீக்கம் செய்து கல்லூரி முதல்வர் உத்தரவிட்டார். அதற்கான அதிகாரம் கல்லூரியின் ஆளுநர் குழுவுக்கே இருந்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி கூடிய அந்தக் குழு, முதல்வரின் உத்தரவை ஏற்றுத் தீர்மானம் போட்டது.

ஊழியர் வழக்குத் தொடர்ந்தார். முதல்வருக்கு அதிகாரம் இல்லை, எனவே உத்தரவு செல்லாது என்றது உயர் நீதிமன்றம். 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. அது முதல்வருக்கு அதிகாரம் இருந்தது என்று சொல்லவில்லை. அதிகாரம் உள்ள குழுவே அந்தச் செயலைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது, அந்த ஏற்பு உத்தரவிட்ட நாளுக்கே போய்ச் சேரும், குறை நீங்கிவிட்டது என்று சொன்னது. மகாராஷ்டிர மாநிலச் சுரங்கக் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் போட்ட பணிநீக்க உத்தரவை இயக்குநர் குழு பிறகு ஏற்றுக்கொண்ட வழக்கிலும், 2006-ல் உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தது. பின்னேற்பு என்றாலே, செல்லாத ஒரு செயல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் பேசுகிறோம். முதலிலேயே செல்லுபடியான ஒன்றுக்குப் பின்னேற்பு எதற்கு?

ஏற்பு பழைய நாளுக்குப் போவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை, அதிகாரம் இல்லாத அலுவலர் 2022 மார்ச் 10-ல் பணிநீக்கம் செய்கிறார். செப்டம்பர் 10-ல் குழு பின்னேற்பு அளிக்கிறது. 2025 மார்ச் 10-ல் தீர்ப்பு வருகிறது. பின்னேற்பு செல்லும் என்றால், அவர் 2022 மார்ச்சிலேயே வேலையிலிருந்து போய்விட்டார். இடைப்பட்ட காலத்துக்கு ஒரு ரூபாயும் கிடையாது. ஒருவேளை குழு செப்டம்பரில் பின்னேற்புக்குப் பதிலாகத் தானே புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தால், அதுவரை அவர் பணியில் இருந்தவர்தான். ஆறு மாதச் சம்பளம், அதாவது 2,40,000 ரூபாய், நியாயமாக அவருக்குச் சேர வேண்டும். பின்னேற்பே செல்லாது என்றாகிவிட்டால், அவர் பணிநீக்கம் செய்யப்படவே இல்லை. 36 மாதத்துக்கு 14,40,000 ரூபாய் வரை கேட்க முடியும். இடையில் வேறு வேலை பார்த்தாரா என்பது போன்றவற்றைப் பார்த்து நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்பது வேறு விஷயம். பின்னேற்பு செல்லுமா செல்லாதா என்ற ஒரே கேள்விக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

இதுவரை பார்த்தது: செயலைச் செய்தவருக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அந்த நிறுவனத்துக்குள்ளேயே அதிகாரம் உள்ள அமைப்பு இருக்கிறது, அது விவரம் தெரிந்து ஏற்கிறது, ஏற்பு செயல் நடந்த நாளுக்குப் போகிறது.

## அதே கதை, எதிர் முடிவு

இனி மராத்வாடா பல்கலைக்கழகம். அங்கே துணைவேந்தர் ஓர் அதிகாரி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார். அந்த அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு உரியது. 1985 டிசம்பரில் நிர்வாகக் குழு துணைவேந்தர் செய்ததை ஏற்றுத் தீர்மானம் போட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் சில்சார் கதையேதான். ஆனால் 1989-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. சட்டம் ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் அது தொடக்கத்திலிருந்தே இல்லாத செயல், அதைப் பின்னேற்க முடியாது, தனிநபர்களுக்கு இடையிலான முகவர் விதிகள் அங்கே பொருந்தாது என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் குழம்பிப் போவதில் வியப்பில்லை. ஒரு தரப்பு வழக்கறிஞர் ஒன்றைக் காட்டுவார், மறுதரப்பு மற்றதைக் காட்டும். நான் இவற்றை இப்படித்தான் பொருத்திப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்று பிரித்துக் கொடுத்தது சட்டமன்றம் இயற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டம். ‘இந்த முடிவை இந்தக் குழு கூடி எடுக்க வேண்டும்’ என்று சட்டமே சொல்லியிருக்கும்போது, அந்தக் குழு தன் பொறுப்பை இன்னொருவர் செய்யவிட்டுப் பிறகு ஆமோதிப்பது சட்டம் வைத்த ஏற்பாட்டையே மாற்றுவதாகும். மண்டலப் பொறியியல் கல்லூரிகளோ சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. சுரங்கக் கழகம் ஒரு நிறுவனம். அங்கே முதல்வருக்கு எது, குழுவுக்கு எது என்ற பிரிவினை பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த விதிகளிலிருந்து வருகிறது. அண்ணன் தம்பி உறவுக்கு அது நெருக்கமானது.

இந்தக் கோடு எல்லா வழக்கிலும் பளிச்சென்று தெரியாது. ஆனாலும் உங்கள் வழக்கில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்த அதிகாரத்தை இந்தக் கைக்குக் கொடுத்தது எது? நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டமா, சட்டத்தின் கீழ் வந்த விதியா, நிறுவனம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட துணைவிதியா? மேலே போகப் போகப் பின்னேற்புக்கு இடம் சுருங்கும்.

உச்சியில் இருப்பது அரசமைப்புச் சட்டம். ஒன்றிய, மாநில அரசுகளின் குடிமைப் பணியில் உள்ளவர்களை, அவர்களை நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது 311(1). நியமன அதிகாரி மாவட்ட ஆட்சியர் என்றால், அவருக்குக் கீழே உள்ளவர் போட்ட பணிநீக்க உத்தரவை, ஆட்சியர் பிறகு ‘ஏற்கிறேன்’ என்று எழுதி நேராக்கிவிட முடியாது. ஆட்சியரே கோப்பைப் பார்த்துப் புதிதாக உத்தரவு போட வேண்டும். சில்சார் ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, காரணம் அவர் அரசின் குடிமைப் பணியில் இருந்தவர் அல்ல. சில்சார் தீர்ப்பைக் காட்டி அரசு ஊழியர்களைப் பயமுறுத்துபவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

## பதினோரு ஆண்டு கழித்து உயிர்ப்பிக்கப் பார்த்த குறிப்பாணை

இந்தத் தலைப்பில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நான் நினைப்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை பற்றிய தீர்ப்புகளைத்தான். நம்மூரில் ‘17(பி) வந்திருக்கு’ என்பார்களே, அதற்கு ஒன்றிய அரசில் இணையானது விதி 14. ‘நீங்கள் இன்ன தவறு செய்ததாகக் குற்றச்சாட்டு, பதில் சொல்லுங்கள்’ என்று ஊழியருக்குத் தரப்படும் ஆவணம் அது. விசாரணை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

விதி 14(3), குற்றச்சாட்டுகளை ஒழுங்கு நடவடிக்கை அதிகாரியே வரைய வேண்டும் அல்லது வரையச் செய்ய வேண்டும் என்கிறது. ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி என்றால், தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ளவர். வருவாய்ப் பணி போன்ற ஒன்றிய உயர் பணிகளில் அது அமைச்சர் மட்டத்தில் இருக்கும். நடைமுறையில் என்ன செய்துவந்தார்கள் என்றால், ‘இவர் மீது நடவடிக்கை தொடங்கலாம்’ என்று அமைச்சரிடம் ஒருமுறை கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் குறிப்பாணையைக் கீழே உள்ளவர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இது போதாது என்று தீர்ப்பளித்தது. நடவடிக்கை தொடங்க ஒப்புதல் தருவது வேறு, எந்தக் குற்றச்சாட்டை எப்படி வைப்பது என்று பார்த்து ஒப்புதல் தருவது வேறு. இரண்டாவது ஒப்புதல் இல்லாத குறிப்பாணை சட்டத்தின் பார்வையில் இல்லாத ஒன்று. அகில இந்தியப் பணி விதிகளின் கீழ்வரும் ஓர் ஐபிஎஸ் அதிகாரியின் வழக்கில், தமிழ்நாடு அரசும் 2018-ல் இதே காரணத்தால் தோற்றது.

2013 தீர்ப்பு வந்ததும், பழைய கோப்புகள் பல அந்தரத்தில் நின்றன. அப்படி ஒரு கோப்பில், வருமான வரித் துறை அதிகாரி ஒருவருக்கு 2002 நவம்பர் 18-ல் ஒப்புதல் இல்லாமல் குறிப்பாணை கொடுத்திருந்தார்கள். 2014 ஜனவரி 8-ஆம் தேதி அதற்குப் பின்னேற்பாக ஒப்புதல் வாங்கினார்கள். விதியில் ‘முன் ஒப்புதல்’ என்ற சொல் இல்லையே, பிறகு வாங்கினால் என்ன என்பது துறையின் வாதம். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இல்லாத ஒன்றை ஒப்புதல் கொடுத்து இருக்கச் செய்ய முடியாது என்பது அதன் முடிவு. அதன் தர்க்கத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். குறிப்பாணையில் ஒப்புதல் கேட்பது சடங்குக்காக அல்ல. ‘இந்த மனிதரை விசாரணைக் கூண்டில் ஏற்றலாமா, எந்தக் குற்றத்துக்காக ஏற்றுவது?’ என்பதை உயர்ந்த பொறுப்பில் உள்ள ஒருவர் யோசித்து முடிவு செய்யட்டும் என்று விதி கேட்கிறது. அந்த யோசனை விசாரணைக்கு முன்பு நடந்தால்தான் அதற்கு அர்த்தம். பதினோரு ஆண்டு கழித்து, குறிப்பாணை எப்போதோ கொடுக்கப்பட்டு நடவடிக்கை நகர்ந்துவிட்ட நிலையில், ‘சரி’ என்று எழுதும் கைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் எவ்வளவு இருக்கும்? அந்த அதிகாரி அத்தனை ஆண்டுகள் அந்தக் குறிப்பாணையின் நிழலில் வாழ்ந்ததையும் அந்த ‘சரி’ திருப்பி எடுக்காது. காலி செய்யச் சொன்ன நோட்டீஸின் நிலை இதுதான்.

மேற்கண்டவற்றைச் சேர்த்துச் சொன்னால்: சட்டம் கேட்பது ஒரு முடிவை மட்டும் என்றால், அதைப் பிறகும் கொடுக்கலாம். அந்த முடிவு இன்ன கட்டத்தில், இன்னார் யோசித்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்டால், கட்டம் தாண்டிய பிறகு கொடுக்க முடியாது.

சட்ட வாசகமே சில இடங்களில் இதைத் தெளிவாக்கிவிடும். ‘முன் ஒப்புதலுடன்’ என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வெறுமனே ‘அனுமதியுடன்’ என்றிருந்தால், பின்னால் வாங்கியதும் செல்லலாம். பழைய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதி பற்றி 1985-ல் அப்படித்தான் தீர்ப்பானது. ஆனால் 2021 வழக்கு காட்டுவது போல, ‘முன்’ என்ற சொல் இல்லாததாலேயே பிறகு வாங்கலாம் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த ஒப்புதல் எதற்காக என்பதையும் பார்க்க வேண்டும். 17(பி) விஷயத்திலும், உங்களுக்குப் பொருந்தும் விதி குற்றச்சாட்டை வரைய யாருக்கு அதிகாரம் தருகிறது என்று பார்த்த பிறகே இந்தத் தீர்ப்புகளைக் கையில் எடுக்க வேண்டும்.

## பின்னேற்பு தொடாத குறைகள்

பின்னேற்பு சரிசெய்வது ‘யார் செய்தார்’ என்ற குறையை மட்டும்தான். ஊழியரின் விளக்கத்தைக் கேட்கவில்லை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை, ஆதாரமே இல்லை என்றால், அந்தக் குறைகள் பின்னேற்புக்குப் பிறகும் அப்படியே இருக்கும். சில்சார் வழக்கில் குழு ஏற்றது என்பதற்காக எந்த விசாரணையும் முறையானதாக மாறிவிடாது. ‘மேலே ஒத்துக்கிட்டாங்க, இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று மேல்முறையீட்டைக் கைவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அவர்களது உண்மையான வாதம் தொடப்படாமலே கிடக்கிறது.

அரசு ஒப்பந்தங்களிலும் ஒரு கறாரான எல்லை உண்டு. அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில், அதற்கென அதிகாரம் பெற்றவரால் கையெழுத்திடப்பட வேண்டும் என்கிறது அரசமைப்பின் 299-ஆம் பிரிவு. அப்படி இல்லாததைப் பின்னேற்க முடியாது என்று 1968-ல் தீர்ப்பாகிவிட்டது. வேலையைச் செய்து கொடுத்தவர் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின் கீழ், அரசு அடைந்த பயனுக்கு ஈடு கேட்கலாம். ஒப்பந்த விலையைக் கேட்க முடியாது.

## கோப்பில் எதைப் பார்ப்பது

உங்களுக்கு எதிரான உத்தரவு ஒன்று பின்னேற்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால், தீர்மானத்தின் நகலையும் அதோடு வைக்கப்பட்ட பொருள் குறிப்பையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தீர்மானத்தில் ‘பின்னேற்பு அளிக்கப்படுகிறது’ என்று இருக்கிறதா, ‘பதிவு செய்யப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தகவலுக்காக வைத்ததைப் பதிந்துகொள்வது, முடிவைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதற்குச் சமமா என்று வாதாட அங்கே இடமிருக்கிறது. பொருள் குறிப்பில் விசாரணை அறிக்கையும் உங்கள் விளக்கமும் இருந்தனவா? ‘முதல்வரின் உத்தரவு மன்றத்தின் ஏற்புக்கு வைக்கப்படுகிறது’ என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால், ஏற்றவர்களுக்கு எதை ஏற்கிறோம் என்றே தெரிந்திருக்காது. அப்புறம் தேதிகள்: உத்தரவு எப்போது, ஏற்பு எப்போது, இடையில் உங்களுக்கு எந்த உரிமை பிறந்தது, எந்தக் காலக்கெடு முடிந்தது? கடைசியாக, உத்தரவு போட்டவருக்கு அதிகாரத்தை ஒப்படைத்த ஆணை ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அவர் அதிகாரத்தோடுதான் செய்திருக்கிறார், பின்னேற்பு பற்றிய கேள்வியே எழாது.

இவ்வளவும் உங்கள் பக்கம் இருந்து நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தாலும், அது பெரும்பாலும் ‘இந்தக் கை செய்தது செல்லாது’ என்ற அளவில்தான் இருக்கும். சரியான அதிகாரி சரியான வழியில் மறுபடி தொடங்குவதை அது பொதுவாகத் தடுப்பதில்லை. குறிப்பாணை ரத்தானவருக்குப் புதிய குறிப்பாணை வரலாம். அப்படி வரும்போது சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு ஆகிவிட்டது, அந்தத் தாமதத்தால் உங்கள் தரப்புச் சாட்சியும் ஆவணமும் அழிந்துவிட்டனவா என்பது அடுத்த வழக்கின் முதல் கேள்வியாக வரும். அதனால் ரத்து உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே பழைய கோப்பின் நகல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.